கழுத்தில் கட்டிய துணி

குதிரைகளில் முதலில் நான் பார்த்தது கால்களைத்தான். சிவகங்கைச் சீமையில், கண்மாய்க்கரையை ஒட்டிய ஓர் ஊர். வேளார் வீட்டுக் கொட்டகைக்குள் நான்கு நான்காகக் கால்கள் நின்றன. மேலே உடம்பு இல்லை. ஒவ்வொரு காலும் உள்ளே குழாய்போல வெற்று. பெரிய வேளார் ஒன்றுக்குள் இடது கையை விட்டு உள்பக்கம் அணைத்துக்கொண்டு, வலது கையிலிருந்த பலகையால் வெளியே தட்டிக்கொண்டிருந்தார். "குதிரை எப்போ அய்யா முடியும்?" என்று கேட்டேன். "எந்தக் குதிரை? இது உருப்படி தம்பி. பதினொரு உருப்படி" என்றார்.

அந்தச் சொல்லை அன்று நான் குறித்துக்கொள்ளவில்லை. தொழில் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

அய்யனாருக்கு மண்குதிரைகளைத் தூக்கிப்போய் வைக்கும் புரவி எடுப்பு ஐந்து வருடமாக ஊரில் நடக்கவில்லை. முதல் மரியாதை யாருக்கு என்பதில், கோயிலில் பங்குள்ள இரண்டு கரைக்காரர்களுக்குள் பேச்சு முறிந்து, பிறகு எப்படியோ ஒட்டியிருந்தது. எப்படி ஒட்டியது என்று மூன்று பேர் மூன்று கதை சொன்னார்கள். மூன்றிலும் கதை சொன்னவர்தான் விட்டுக்கொடுத்தவர். வைகாசிக் கடைசியில் ஊர்த்தலைவரான அம்பலம், கோயில் பொட்டலில் ஒரு பிடி மண் அள்ளி, வெற்றிலை, தேங்காய், காசு வைத்த தட்டில் போட்டு வேளாரிடம் கொடுத்தார். பிடிமண். வேளார் துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். காசை எண்ணவில்லை. மண்ணை மட்டும் மடியில் முடிந்துகொண்டார். அம்பலம் சொன்னால்தான் இவர் மண் குழைக்க முடியும். இவர் மண்ணை வாங்கினால்தான் அம்பலம் திருவிழா என்று வாயால் சொல்ல முடியும். அந்த ஒரு நிமிடம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார்கள்.

"அந்தப் பிடிமண் எந்தக் குதிரைக்குள்ள போகும் அய்யா?"

"எல்லாத்துக்குள்ளயும்தான்."

ஒரு பிடி மண் எப்படிப் பதினொன்றுக்கு வரும் என்று யோசித்தேன். மறுநாள் காலை பார்த்தேன். கண்மாய் மண்ணோடு மணலும் உமியும் சேர்த்து மிதித்த முதல் உருண்டையில் பிடிமண் முழுவதையும் கலந்தார். அடுத்த உருண்டை பிசையும்போது முதலாவதிலிருந்து கொஞ்சம் கிள்ளிப் போட்டார். அதிலிருந்து அதற்கடுத்ததற்கு. தயிருக்கு உறை ஊற்றுவதுபோல.

சூளையைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு வராது. புகையில் கண் எரிந்து பாதி நேரம் வெளியே நின்றேன். வைக்கோலும் மட்டையும் அடுக்கி, மேலே ஈரமண் பூசி, ராத்திரி முழுக்க எரிந்தது. பிரித்தபோது ஒன்பதாவது உருப்படியின் கழுத்தில், காதுக்குக் கீழே தொடங்கி மார்பு வரை ஒரு மயிர்க்கோடு. வேளார் விரல் முட்டியால் தட்டினார். மற்றவை கணீரென்றன, அது மட்டும் 'டொக்' என்றது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் மகள் சுண்ணாம்பைக் கெட்டியாகக் குழைத்துக் கொண்டுவந்தாள். முதலில் அந்தக் கழுத்துக்குத்தான் வெள்ளை அடித்தார்கள்.

ஒன்பதாவது, திருப்பூரில் வேலை பார்க்கும் ஒரு குடும்பத்தின் நேர்த்திக்கடன். கொட்டகைக்குள் வந்து பார்த்த அந்த வீட்டு ஆச்சி, கழுத்தில் சுண்ணாம்பு தடிப்பாக இருந்ததைத் தடவிப் பார்த்தார். வேளாரைப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு வேளாரே" என்றார்.

ஆனி வெள்ளிக்கிழமை. மதியம் வரை புரவிப் பொட்டலில் பதினொன்றும் முகத்தைத் துணியால் மூடி நின்றன. காவியிலும் மஞ்சளிலும் சேணம் எழுதியாகிவிட்டது. கண் மட்டும் பாக்கி. காலில் செருப்போடு பிள்ளைகள் அவற்றின் வயிற்றுக்கடியில் புகுந்து ஓடினார்கள். ஒருவன் வாலைப் பிடித்துத் தொங்கக்கூடப் பார்த்தான். வேளார் அதட்டினார்: "டேய், உருப்படி உடைஞ்சிரும்."

வெயில் இறங்கிய பிறகு அவர் குளித்து, ஈர வேட்டியோடு வந்தார். மகள் கையில் மைக்கிண்ணம். கொட்டு நின்றது. எதிரே நின்றிருந்த கூட்டம் யாரும் சொல்லாமலே இரண்டாகப் பிரிந்து பக்கவாட்டுக்குப் போயிற்று. நான் நடுவிலேயே நின்றுவிட்டேன். ஓர் அம்மா என் முழங்கையைப் பிடித்து இழுத்தார். "நேருக்கு நேர் நிக்காதீங்க தம்பி." ஏன் என்று கேட்கவில்லை. அவர் பிடித்த வேகமே பதிலாக இருந்தது.

வேளார் துணிக்குள் தலையை விட்டு மை வைத்தார். வெளியே அவர் முதுகு மட்டும் தெரிந்தது. துணியை உருவும்போது பெண்கள் குலவையிட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. பதினொன்றாவதுக்கு வந்தபோது குலவை மூச்சு வாங்கிற்று. அப்புறம் பார்த்தேன், பிள்ளைகளின் செருப்பெல்லாம் வேலியோரம் கிடந்தது. கழற்று என்று எவரும் சொல்லிக் கேட்கவில்லை. வேளார் என்னிடம் திரும்பி, "புரவி கிளம்பப்போவுது, கொஞ்சம் ஒதுங்கு தம்பி" என்றார். மத்தியானம் வரை அதட்டிய அதே குரல்தான், சொல்தான் மாறியிருந்தது.

வைக்கோல் பிரியால் உடம்பில் கட்டைகளைக் கட்டியிருந்தார்கள். முதலில் எழுந்தவை அரண்மனைப் புரவிகள் இரண்டு. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948இல் வந்தது. அரண்மனையிலிருந்து அன்று யாரும் வந்திருக்கவும் இல்லை. ஆனாலும் அம்பலம் கிழக்கே பார்த்துக் கும்பிட்டு, "அரண்மனைக்கு" என்று ஒரு தேங்காய் உடைத்தார். இளவட்டங்கள் பின்னால் பொறுமை இல்லாமல் தோளை மாற்றிக்கொண்டு நின்றார்கள். அரண்மனை நகராமல் அவர்களுடையது நகராது.

முன்னால் வலது பக்கக் கட்டையை யார் பிடிப்பது என்பதில் சின்னச் சலசலப்பு. இரண்டு கரைக்காரர்களும் ஒரே நேரத்தில் கை வைத்தார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கியது. சாமியாடி அந்த நேரம் பார்த்து ஆடத் தொடங்கினார். அரிவாளோடு கூட்டத்துக்குள் வந்து, இருவர் நெற்றியிலும் ஒரே கைத் திருநீற்றைப் பூசினார். கட்டை இருவர் தோளிலுமாக எழுந்தது. சாமியாடி அந்த இரண்டில் ஒரு கரைக்குச் சம்பந்தி. அதை எனக்குச் சொன்னவர், சொல்லிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஊரிலிருந்து கோயிலுக்கு நேர்வழி தெற்குத் தெரு வழியாக. புரவிகள் அந்த வழியில் போகவில்லை. கண்மாய்க்கரை ஏறி, சுற்றிக்கொண்டு, முக்கால் மணி நேரம் கூடுதலாக நடந்தன. ஏன் என்று பக்கத்தில் வந்தவரைக் கேட்டேன். "அந்தத் தெருவுல வேப்பமரம் தாழ்வா இருக்கு. தலை இடிக்கும்." மறுநாள் போய்ப் பார்த்தேன். மரம் இருந்தது. கிளை, பேருந்து போகிற உயரத்தில் இருந்தது. கொட்டடித்தவர்கள் அந்தத் தெருக்காரர்கள். கரையில் முன்னால் நடந்தவர்களும் அவர்கள்தான், அவர்கள் அடி மாறினால்தான் புரவிகளின் அடி மாறும். மடை வந்ததும் கொட்டு ஒதுங்கி நின்றது. அங்கிருந்து கோயில் வாசல் வரை நாதஸ்வரம். கொட்டடித்தவர்களில் வயதானவர் தன் கொட்டைத் தீயில் காட்டி வாட்டிக்கொண்டே, போகிற புரவிகளை ஒவ்வொன்றாக விரல் மடித்து எண்ணினார். பதினொன்றும் போன பிறகுதான் உட்கார்ந்தார்.

கரையின் இறக்கத்தில் ஒன்பதாவது புரவி குலுங்கியது. ஆச்சி கூடவே நடந்துவந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, நடக்க நடக்கவே எக்கி, அதன் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். "கழுத்து நோவும்ப்பா, மெதுவா" என்றார் தூக்கியவர்களிடம். அவர்களும் மெதுவாகத்தான் இறங்கினார்கள். வேளார் அதைப் பார்த்தார், பிறகு வேறு பக்கம் பார்த்தார்.

கோயில் என்றால் கோபுரம் கிடையாது. ஆலமரம், பூரணை புஷ்கலையோடு அய்யனார், கொஞ்சம் தள்ளி அரிவாளோடு கருப்பர். சுற்றிலும் போன தலைமுறைப் புரவிகள், கால் போனவை, முகம் போனவை, வெறும் வயிறாகக் கவிழ்ந்து கிடப்பவை. புதியவை அவற்றுக்கு முன்னால் இறங்கின. குழந்தை வேண்டிப் பெற்றவர்கள் மண்ணால் செய்த மதலைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு பெண் அதைக் கீழே வைக்குமுன், நிஜக் குழந்தைக்குச் செய்வதுபோல ஒருமுறை தோளில் தட்டிக்கொடுத்ததைப் பார்த்தேன். தன்னையறியாமல் செய்ததாகத்தான் இருக்கும். அல்லது இல்லை.

கருப்பருக்குக் கிடா வந்தது. அய்யனார் சைவம். அதனால் இருவர் ஒரு பழைய வேட்டியை விரித்து அய்யனார் முன்னால் திரையாகப் பிடித்தார்கள். திரை கொஞ்சம் கிழிசல். கிழிசல் நேரே அய்யனார் முகத்துக்கு வந்துவிட்டது. பிடித்தவர் கவனித்து, வேட்டியை ஒரு முழம் நகர்த்தினார். அந்த அக்கறையை எழுதிவைத்துக்கொண்டிருந்தபோதுதான் பார்த்தேன்: பதினொரு புரவிகளும் கருப்பர் பக்கம் பார்த்து நின்றன, சற்றுமுன் திறந்த கண்களோடு. அவற்றை யாரும் மூடவில்லை. கேட்கலாம் என்று வேளாரைத் தேடினேன். அவர் கிடாயின் தலைமாட்டில் தண்ணீர்ச் செம்போடு நின்றார். கிடா உடம்பைச் சிலிர்த்தது. எல்லோரும் "சம்மதம்" என்றார்கள். கேள்வி என்னிடமே தங்கிவிட்டது.

அய்யனார் ராத்திரியில் குதிரையேறி ஊரைச் சுற்றிக் காவல் காக்கிறார் என்று புத்தகங்களில் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். இரண்டு மாதத்தில் என்னிடம் அதைச் சொன்னது ஒரே ஒரு பையன். அவனும் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னதாகச் சொன்னான். பெரியவர்கள் சொன்னதெல்லாம் வேறு மாதிரி: "அவரு பக்கம் போயிட்டு வந்தேன்." "அவருக்கு இந்த வருசம் மழை பத்தல." புரவியையா அய்யனாரையா என்று பிரித்துக் கேட்டபோது, கேட்ட என்னைத்தான் விநோதமாகப் பார்த்தார்கள்.

மறுநாள் விடியலில் வேளாரும் மகளும் கட்டைகளை அவிழ்த்து எடுத்துப்போக வந்தார்கள். மாலைகள் வாடியிருந்தன. அரண்மனைப் புரவி ஒன்றின் முன்னங்காலில் ஓர் ஆடு முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தது. சுண்ணாம்பு அதன் முதுகில் ஒட்டியிருந்தது. ஆடு மேய்த்த பையன் விரட்டவில்லை. வேளாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஒன்பதாவதின் பிரியை அவிழ்க்கும்போது ஆச்சியின் துண்டும் சேர்ந்து நெகிழ்ந்தது. மகள் அதையும் உருவப் போனாள். வேளார் அவள் கையைத் தள்ளிவிட்டு, துண்டை மறுபடி சுற்றி, முடிச்சு காதுக்குப் பின்னால் வருமாறு கட்டினார். பிறகு கட்டையைத் தோளில் போட்டுக்கொண்டார். போகிற வழியில், கவிழ்ந்து கிடந்த ஒரு பழைய புரவியின் உடைந்த காதைக் கால் தட்டிவிட்டது. குனிந்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எடுத்து மடியில் முடிந்துகொண்டார்.

"அது எதுக்கு அய்யா?"

"அடுத்ததுக்கு மண் வேணும்ல" என்றாள் மகள், அவர் முந்திக்கொள்வதற்குள். வேளார் சிரித்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை.