பொருள்: வாராந்திர நிலவரம் (ஜூலை 13–17, 2026): மஞ்சள், புதன்கிழமைக்குள் உங்கள் முடிவு ஒன்று தேவை

வணக்கம் மேடம்,

புதிய சரக்கிருப்பு மென்பொருளை ஆகஸ்ட் 3, திங்கட்கிழமை தொடங்குவதாக வைத்த தேதி இப்போதைக்கு மாறவில்லை. ஆனால் போன வாரம் பச்சையில் இருந்த நிலவரத்தை இந்த வாரம் மஞ்சளுக்கு மாற்றியிருக்கிறேன். காரணம், மூன்றாம் கிடங்கின் தரவு. அதில் ஜூலை 22, புதன்கிழமைக்குள் உங்கள் முடிவு வேண்டும்.

முதலில் முடிந்த வேலைகள். சரக்கு வரவு, சரக்கு அனுப்புதல் ஆகிய இரண்டு திரைகளும் தயார். வியாழக்கிழமை உங்கள் கிடங்கு மேற்பார்வையாளர்களே அவற்றை ஓட்டிப் பார்த்தார்கள். எண்ணிக்கையை அடித்ததும் கர்சர் தானாக அடுத்த வரிக்குப் போனால் நன்றாக இருக்கும் என்றார்கள். அன்று மாலையே செய்து கொடுத்துவிட்டோம். கையுறையோடு தட்டுகிறவர்களுக்கு ஒரு பொத்தான் குறைவது எவ்வளவு பெரிய உதவி என்பது பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் எங்களுக்குப் புரிந்தது. 14 அறிக்கைகளில் 11 முடிந்தன. 62 சோதனைகளில் 57 தேறின. தேறாத 5-இல் 4 சின்னத் திருத்தங்கள், செவ்வாய்க்குள் முடியும். ஐந்தாவதுதான் பெரிது.

மூன்றாம் கிடங்கின் தேதிகள்

இந்தக் கிடங்கின் தரவு முழுவதும் ஏறிவிட்டது என்று போன வாரம் எழுதியிருந்தேன். அது தவறு, மன்னிக்கவும்.

செவ்வாய்க்கிழமை சோதனையில் பசை டின்கள் உள்ள ஒரு வரியில், சரக்கு வந்த தேதி 06/12/2026 என்று இருந்தது. டிசம்பர் 6 வர இன்னும் ஐந்து மாதம் இருக்கிறதே என்று தோண்டிப் பார்த்தோம். அந்தக் கிடங்கில் இரண்டு கணினிகளில் பதிவு செய்திருக்கிறார்கள். ஒன்றில் நாள் முதலில், மற்றதில் மாதம் முதலில். அந்த டின்கள் உண்மையில் வந்தது ஜூன் 12.

மொத்தம் 2,310 வரிகள். அவற்றில் 693 வரிகளை மென்பொருளே ஏற்க மறுத்தது. 06/25 என்றால் 25-ஆம் மாதம் என்று ஒன்று கிடையாதே. அவற்றை மட்டும் திருத்தி ஏற்றிவிட்டு வேலை முடிந்ததாக நினைத்துவிட்டோம். இரண்டு எண்களும் 12-க்குள் இருந்த 926 வரிகள் எந்தச் சத்தமும் இல்லாமல் உள்ளே போய்விட்டன. 07/07 போல எப்படிப் படித்தாலும் ஒன்றாக வரும் 71 வரிகளைக் கழித்தால், 855 வரிகளின் தேதியை இப்போது நம்ப முடியாது. முதலில் வந்த சரக்கு முதலில் வெளியே போக வேண்டும் என்ற கணக்கே இந்தத் தேதியை வைத்துத்தான் ஓடுகிறது. தேதி புரண்டால் பழைய டின் அலமாரியிலேயே காலாவதியாகும்.

இதை எந்த நிரலாலும் ஊகித்துத் திருத்த முடியாது. வரவுச் சீட்டோடு ஒப்பிடுவது ஒன்றுதான் வழி. 40 வரிகளை நாங்களே ஒப்பிட்டுப் பார்த்ததில், வரிக்கு ஒன்றரை நிமிடம் ஆனது. ஆகவே உங்கள் முன் இரண்டு வழிகள்:

அ) சீட்டுகள் தெரிந்த இரண்டு பேரை 23, 24 ஆகிய இரண்டு நாட்களுக்கு எங்களோடு உட்கார வைப்பது.
ஆ) 855 வரிகளையும் "தேதி சந்தேகம்" என்று நிறுத்தி வைத்து, தொடங்கிய பிறகு சரிபார்ப்பது. அதுவரை அந்தச் சரக்கை அனுப்ப முடியாது.

என் பரிந்துரை முதல் வழி. இரண்டாவதில் கிடங்கு ஆட்கள் புது மென்பொருளைப் பழகும் அதே வாரத்தில் இந்தச் சுமையும் சேர்ந்துகொள்ளும். முதல் வழியில் போய், ஒப்பிடும் வேலை 29-ஆம் தேதியைத் தாண்டினால் தொடக்கம் ஆகஸ்ட் 10-க்குப் போகும்; அதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கவனிக்க வேண்டிய மற்ற இரண்டு

கை ஸ்கேனர்கள் 12-இல் 8 வந்துவிட்டன. மீதி நான்கையும் 28-க்குள் தருவதாக விற்பனையாளர் சொல்லியிருக்கிறார். வராவிட்டாலும் தொடக்கம் நிற்காது. மூன்றாம் கிடங்கில் சில நாள் எண்களைக் கையால் அடிக்க வேண்டியிருக்கும்.

அப்புறம், உங்கள் கணக்குப் பிரிவுப் பொறுப்பாளர் 27 முதல் விடுப்பு என்றார். மீதி 3 அறிக்கைகளுக்கு அவர் ஒப்புதல்தான் வேண்டும். நாங்கள் 23-ஆம் தேதி மாலைக்குள் அவரிடம் கொடுத்துவிடுகிறோம். 24-ஆம் தேதி அவர் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். முடியாவிட்டால் அவருக்குப் பதில் யார் ஒப்புதல் தரலாம் என்று சொல்லுங்கள்.

அடுத்த வாரம் இந்தத் தேதி வேலைதான் முதலில். அதோடு மற்ற இரண்டு கிடங்குகளிலும் இதே கோளாறு இருக்கிறதா என்று வரவுச் சீட்டுகளை எடுத்து மறுபடி பார்க்கிறோம். திங்கள் மாலைக்குள் முடிவைத் தெரிவிக்கிறேன்.

தேதி விஷயத்தைப் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் திங்கள் காலை 10 மணிக்கு நானே அழைக்கிறேன். சரி என்று ஒரு வரி பதில் போட்டால் போதும்.

நன்றி, மேடம்.

அன்புடன்,
திட்ட மேலாளர்
சரக்கிருப்பு மென்பொருள் குழு