உங்கள் 'தொலைநோக்கியின் கதை' கட்டுரை: எங்கள் முடிவும் ஒரு வேண்டுகோளும்

அன்புள்ள மீனாட்சி அவர்களுக்கு,

வணக்கம். 'தொலைநோக்கியின் கதை' என்ற கட்டுரையை எங்களுக்கு அனுப்பியதற்கு நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. காக்க வைத்ததற்கு மன்னியுங்கள். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கட்டுரையை எங்கள் வலைப்பூவில் வெளியிட இயலாது. ஆனால் இதே கட்டுரைக்குள் எங்களுக்கு மிகவும் வேண்டிய இன்னொரு கட்டுரை இருக்கிறது. அதை எழுதித் தருவீர்களா என்று கேட்பதற்காகத்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இது ஏன் எங்களுக்குப் பொருந்தவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். நடை தெளிவாக இருக்கிறது. கலிலியோ 1609-இல் வானத்தைப் பார்த்ததில் தொடங்கி, நியூட்டனின் ஆடித் தொலைநோக்கி வழியாக, 2021 டிசம்பரில் ஏவப்பட்ட ஜேம்ஸ் வெப் வரை வருகிறீர்கள். ஹபிளின் 2.4 மீட்டர் ஆடியையும் வெப்பின் 6.5 மீட்டர் ஆடியையும் பக்கத்தில் வைத்து, பரப்பு கூடும்போது சேரும் ஒளி எவ்வளவு கூடுகிறது என்று விளக்கும் பத்தி நன்றாக வந்திருக்கிறது. ஆனால் எங்களிடம் வருபவர்கள் பெரும்பாலும் தொலைநோக்கி இல்லாதவர்கள். வெறுங்கண்ணாலோ சாதாரண பைனாகுலராலோ இன்று இரவு எதைப் பார்க்கலாம், எப்படிப் பார்க்கலாம் என்று தேடி வருகிறார்கள். ஒரு கட்டுரையைப் படித்து முடித்ததும் அவர்கள் மொட்டை மாடிக்குப் போக வேண்டும். உங்கள் கட்டுரை முடியும்போது அவர்கள் பார்ப்பதற்கு வானத்தில் எதுவும் இல்லை. மற்றபடி, தொலைநோக்கி வரலாற்றைப் பற்றிச் சென்ற ஆண்டு ஒரு தொடரே வெளியிட்டுவிட்டோம் என்பதும் ஒரு காரணம்.

இதை வேறு இடத்துக்கு அனுப்புவதில் எங்களுக்கு எந்தத் தடையும் இல்லை. அறிவியல் வரலாற்றுக்கு இடம் தரும் ஓர் இதழுக்கு இது நன்றாகப் பொருந்தும். அனுப்பும் முன் ஒன்றை மட்டும் திருத்துங்கள். தொலைநோக்கியைக் கலிலியோ கண்டுபிடித்தார் என்று இரண்டாம் பத்தியில் வருகிறது. அவருக்கு முன்பே, 1608-இல், நெதர்லாந்தில் கண்ணாடி வில்லை செய்து வந்த ஹான்ஸ் லிப்பர்ஷே அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்திருந்தார். கலிலியோ அந்தக் கருவியைப் பற்றிக் கேள்விப்பட்டு, தானே ஒன்றைச் செய்து, மேம்படுத்தி, வானத்தின் பக்கம் திருப்பினார். கவனமான வாசகர்கள் முதலில் பிடிப்பது இதைத்தான்.

சரி, இப்போது எனக்கு வேண்டிய கட்டுரைக்கு வருகிறேன்.

உங்கள் கட்டுரையின் கடைசிப் பகுதியில் ஐந்தே வரிகள் இருக்கின்றன. பெர்சியஸ் விண்மீன் குழுவில் உள்ள, ஒளி கூடிக் குறையும் அல்கோல் விண்மீனைச் சில வாரங்கள் தொடர்ந்து பார்த்ததாகவும், பக்கத்தில் இருக்கும் ரோ பெர்சியோடு ஒப்பிட்டுக் குறித்து வைத்ததாகவும், குறிப்புகள் ஒன்றோடொன்று ஒத்துவராததால் விட்டுவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிகளைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஏனென்றால், ரோ பெர்சியும் மாறும் விண்மீன்தான்! அதன் பொலிவு எண் ஏறத்தாழ 3.3-க்கும் 4-க்கும் இடையே மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்; எண் கூடினால் விண்மீன் மங்குகிறது என்று பொருள். அல்கோலுக்கு மிக அருகில், வசதியான இடத்தில் இருப்பதால் புதிதாகப் பார்ப்பவர்களின் கண் நேராக அதன்மேல்தான் போகும். உங்கள் குறிப்புகள் ஒத்துவராமல் போனதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணமாக இருக்கும். உங்கள் கண்மேல் குற்றம் இல்லை.

அதனால்தான் இதை நீங்களே எழுத வேண்டும் என்று நினைக்கிறேன். அல்கோல் எப்போது மங்கும் என்று அட்டவணை போடுவது எளிது. ஒருவர் பார்த்து, குழம்பி, காரணத்தைக் கண்டுபிடித்து, மறுபடி பார்த்த கதை அரிது. பழைய குறிப்பேடு இன்னும் இருந்தால் அதிலிருந்தே தொடங்கலாம். இந்த முறை ஒப்பிடுவதற்கு, அல்கோல் பளிச்சென்று இருக்கும்போது காமா ஆண்ட்ரோமிடேயையும் (பொலிவு எண் 2.1), மங்கத் தொடங்கியதும் எப்சிலான் பெர்சியையும் (2.9) எடுத்துக்கொள்ளுங்கள். அல்கோல் வழக்கமாக 2.1-இல் இருந்து, மிக மங்கிய நிலையில் 3.4 வரை இறங்கும். அதாவது ஒளி மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. இதைக் காண எந்தக் கருவியும் வேண்டாம்.

இன்னொன்றையும் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும். இந்த மங்கல் 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. மூன்று நாளுக்கு மூன்று மணி நேரத்துக்கும் கொஞ்சம் அதிகமாகக் குறைவதால், ஓர் இரவு பின்னிரவில் கண்ட மங்கல், மூன்று இரவு கழித்து நடுஇரவுக்கு வரும், அப்புறம் முன்னிரவுக்கு வரும், அதன்பின் பகலுக்குள் போய் மறைந்துவிடும். இது தெரியாமல் ஏதோ ஓர் இரவில் போய் நின்றால் ஒன்றும் நடக்காது. இறங்கி ஏறி முடிய மொத்தம் பத்து மணி நேரம் ஆவதால், அரை மணிக்கு ஒருமுறை ஒரு பார்வை, ஒரு குறிப்பு போதும். இடையில் தூங்கவும் செய்யலாம்.

வரலாறு எழுதும் ஆர்வம் உங்களுக்கு இருக்கிறது. அதையும் விட வேண்டாம். ஜான் குட்ரிக்கை இதில் கொண்டுவரலாம். காது கேளாத அந்த இளைஞர், தன் அண்டைவீட்டுக்காரர் எட்வர்ட் பிகாட்டோடு சேர்ந்து இதே விண்மீனைக் கண்காணித்து, 1783-இல் அதன் கால அளவை வெளியிட்டார். ஓர் இருண்ட பொருள் குறுக்கே வருவதால் ஒளி குறையலாம் என்றும் சொன்னார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட நிறையவில்லை. அது சரிதான் என்று நிறமாலை மூலம் உறுதியானது 1889-இல். இவரைப் பற்றி இரண்டு பத்தி போதும். மீதி இடம் உங்கள் குறிப்பேட்டுக்கு.

சம்மதம் என்றால் முழுக் கட்டுரையை இப்போது எழுத வேண்டாம். 150 சொற்களில் ஒரு சுருக்கமும், பழைய குறிப்புகளில் ஏதாவது ஒரு பக்கத்தின் படமும் அனுப்புங்கள். பெர்சியஸ் முன்னிரவில் வசதியாகத் தெரியும் நவம்பரில் வெளியிட விரும்புகிறேன். அதனால் சுருக்கம் ஆகஸ்ட் இறுதிக்குள் வந்தால் நல்லது. ஒரு வாரத்தில் பதில் சொல்லிவிடுவேன். கட்டுரை 1,200 சொற்களுக்குள் இருக்கட்டும். விண்மீன் படத்தை நீங்களே கையால் வரைந்தால் போதும், நாங்கள் சுத்தமாக வரைந்துகொள்கிறோம். சன்மானம் தரும் வசதி எங்களுக்கு இல்லை. உரிமை உங்களிடமே இருக்கும். பின்னால் வேறெங்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

நேரமோ விருப்பமோ இல்லையென்றால் ஒரு வரி எழுதினால் போதும், தவறாக நினைக்க மாட்டேன். ரோ பெர்சியைப் பற்றி மேலும் ஏதாவது கேட்க வேண்டுமென்றாலும் தயங்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
செந்தில்
ஆசிரியர்