நித்யாவுக்கு, சி.ஏ. ஃபைனல் ரிசல்ட் வந்த மறுநாள்

அன்புள்ள நித்யா,

நேற்று மாலை கூப்பிட்டேன், நீ எடுக்கவில்லை. நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். ரிசல்ட் வந்த அன்று போன் செய்பவர்களுக்கெல்லாம் தோற்றவர்தான் ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கிறது. "பரவாயில்லை, நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொல்லிச் சொல்லி உனக்கு வாய் வலித்திருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். இதற்குப் பதில் போட வேண்டிய அவசியம் இல்லை.

மதிப்பெண்களை உன் தங்கைதான் சொன்னாள். அவளைத் திட்டாதே, நான்தான் நச்சரித்தேன். ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங் 41, ஃபைனான்ஷியல் மேனேஜ்மெண்ட் 44, ஆடிட்டிங் 61. ஆக 146. தாளுக்கு நாற்பது என்ற கோட்டை மூன்றிலும் தாண்டிவிட்டாய். மொத்தத்தில் 150 வரவில்லை.

"நாலே நாலு மார்க்தானே" என்று இந்நேரம் ஊரே சொல்லியிருக்கும். நான் சொல்லப்போவதில்லை. நாற்பது மதிப்பெண்ணில் போயிருந்தால் எப்படியோ மனம் ஆறிவிடும். நான்கில் போனால்தான் தூக்கம் வராது. எந்தக் கேள்வியில், எந்தப் படியில் அந்த நான்கும் கிடந்தது என்று தேடிக்கொண்டே இருக்கத் தோன்றும். அதுவும் உனக்குக் குரூப் 2 மே மாதமே முடிந்துவிட்டது. இந்தக் குரூப் 1 மட்டும் வந்திருந்தால் இன்று நீ சி.ஏ. வில்லிவாக்கத்தில் உங்கள் அப்பா இனிப்புப் பெட்டியோடு தெருவில் இறங்கியிருப்பார். அது கை நழுவிப்போனதைச் சின்ன விஷயம் என்று நான் சொன்னால், நான்கு ஆண்டுகளாக உன்னைப் பார்த்துக்கொண்டிருந்ததற்கு அர்த்தமே இல்லை.

"எல்லாம் நன்மைக்கே" என்பார்கள். இதில் என்ன நன்மை என்று எனக்குத் தெரியவில்லை. நடந்துவிட்டது. அழுகை வந்தால் அழு. தேர்வெழுதுபவர்களில் பெரும்பாலோர் தோற்கும் தேர்வுதான் இது என்று உனக்கே தெரியும். அதனால் உன் வருத்தம் ஒரு துளியும் குறையாது என்பதும் எனக்குத் தெரியும்.

ஆனால் ஒன்றை மட்டும் நான் விடப்போவதில்லை. "நான் இதற்கெல்லாம் லாயக்கில்லை" என்று தங்கையிடம் சொன்னாயாமே. அதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாசத்தில் சொல்லவில்லை, கண்ணால் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

மாதவரம் கிடங்கு நினைவிருக்கிறதா? மார்ச் 31, கணக்கு முடிக்கும் நாள். நம் இரண்டு பேரையும் ஆடிட்டர் சார் சரக்கு எண்ண அனுப்பினார். தகரக் கூரை, உள்ளே அடுப்பு மாதிரி வெயில். நான் வரிசை வரிசையாகப் பெட்டிகளை எண்ணி, பட்டியலில் பச்சை டிக் போட்டுக்கொண்டே போனேன். எண்ணிக்கை அச்சாகப் பொருந்தியது. ஸ்டோர் கீப்பர் மோர் வாங்கிவரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டார். நீ மட்டும் பின்வரிசை அருகே நின்றுவிட்டாய். அங்கிருந்த பெட்டிகளில் பழைய டேப்பின் மேலேயே புது டேப் ஒட்டியிருந்தது. முன்வரிசைகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. நீ யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. ஏணியை இழுத்துப் போட்டு ஏறி, மேலே இருந்த பெட்டியை ஒரு கையால் தூக்கிக் காட்டினாய். காலிப் பெட்டி. அடுத்ததும் காலி. மோர் வந்தது, குடிக்கத்தான் ஆளில்லை.

அந்தக் கண் படித்து வருவதில்லை. உன் ஆடிட்டிங் தாளில் இருக்கிற 61, அந்த ஏணியில் ஏறினவளின் மதிப்பெண். அதிர்ஷ்டத்தில் வந்தது என்று நீயே அதைத் தள்ளிவிடாதே.

அதே நேர்மையோடு 41 பற்றியும் பேச வேண்டும். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. ரிப்போர்ட்டிங்குக்கு நீ உழைக்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எப்படி உழைத்தாய்? ஆகஸ்டில் உன் வீட்டுக்கு வந்தபோது அந்த நோட்டைப் பார்த்தேன். கன்சாலிடேஷன் கணக்குகள் பக்கம் பக்கமாக, சிவப்பு மையில் கோடு கிழித்து, ஒர்க்கிங் நோட் ஒவ்வொன்றுக்கும் கட்டம் கட்டி, கல்யாணப் பத்திரிகை போல இருந்தது. ஒரு அடித்தல் இல்லை, ஒரு திருத்தம் இல்லை. விடையை மூடிவைத்துவிட்டுக் கணக்கைப் போட்டவர் நோட்டு அப்படி இருக்காது, நித்யா. குட்வில் தப்பாக வந்து, திரும்பப் போட்டு, சிறுபான்மைப் பங்கை மறந்து, பக்கத்தையே கிழித்துப்போட்டிருக்க வேண்டும். நீ வகுப்பு வீடியோவைப் பார்த்தாய், புரிந்துகொண்டாய், அழகாக எழுதிவைத்தாய். தேர்வறையிலோ வெள்ளைத்தாளும் கடிகாரமும்தான் இருந்தன. மாதிரித் தேர்வுகளையும் "இன்னும் ரிவிஷன் முடியவில்லை" என்று தள்ளிக்கொண்டே வந்தாய். இது அறிவில் உள்ள குறை இல்லை, பழக்கத்தில் உள்ள குறை. ஆனால் குறைதான். இதைச் சொல்லாமல் "அடுத்த முறை நிச்சயம் வந்துவிடும்" என்று மட்டும் சொன்னால் உன்னை ஏமாற்றியவள் ஆவேன்.

அடுத்த முறை வந்துவிடுமா? எனக்குத் தெரியாது. கணக்கு மட்டும் தெரியும். ஆடிட்டிங்கில் அறுபதைத் தொட்டுவிட்டதால் அந்தத் தாளுக்கு எக்ஸெம்ப்ஷன் உண்டு. அதை மறுபடி எழுத வேண்டாம், 61 அப்படியே மொத்தத்தில் சேரும். மீதி இரண்டு தாளில் 89 வேண்டும். இப்போது உன் கையில் இருப்பது 85. காகிதத்தில் எளிதாகத் தெரிகிறது, ஆனால் அந்த 41 என்னைப் பயமுறுத்துகிறது. கேள்வித்தாள் கொஞ்சம் முரண்டு பிடித்தால் 39 ஆகிவிடும்; பிறகு மேனேஜ்மெண்டில் எழுபது வாங்கினாலும் பயன் இல்லை. ஆகவே 89-ஐக் குறிவைத்துப் படிக்காதே. ரிப்போர்ட்டிங்கில் ஐம்பது என்று வைத்துக்கொள், மற்றது தானாகச் சரியாகும்.

எக்ஸெம்ப்ஷன் அடுத்து வரும் மூன்று தேர்வுகளுக்குத்தான். முன்பு ஆண்டுக்கு இரண்டு முறை நடந்தபோது அது நீண்ட காலம். 2025 முதல் ஃபைனல் ஜனவரி, மே, செப்டம்பர் என்று மூன்று முறை நடப்பதால் ஓர் ஆண்டில் தீர்ந்துவிடும். ஜனவரியை நீ எழுதாமல் விட்டாலும் அது ஒன்றாகக் கணக்கில் போய்விடும். அதற்காக ஜனவரியில் எழுதியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருப்பதோ இரண்டு மாதம், நடுவில் ஆபீஸ், இந்த மழை வேறு. மே வரை நிதானமாகப் படிப்பதும் நல்ல முடிவுதான். விண்ணப்பம் வாங்கும் நாள்கள் கொஞ்சம்தான் என்பதால் ரொம்பவும் தள்ளிப்போட முடியாது. ஆனால் இன்று முடிவெடுக்காதே, நாளையும் வேண்டாம். அழுது வீங்கிய கண்ணோடு எடுக்கிற முடிவு "எழுதவே மாட்டேன்" என்றிருந்தாலும் சரி, "ஜனவரியில் காட்டுகிறேன் பார்" என்றிருந்தாலும் சரி, இரண்டையும் நான் நம்ப மாட்டேன்.

இதற்கிடையில் ஒரே ஒரு வேலையைச் செய். உன் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்துவிடு. ரிசல்ட் வந்து ஒரு மாதத்துக்குள் கேட்க வேண்டும். சரிபார்ப்புக்கும் போடலாம், ஆனால் அதில் கூட்டல் சரியா, ஏதாவது விடை திருத்தப்படாமல் விட்டுப்போனதா என்று மட்டும்தான் பார்ப்பார்கள், மறுபடி திருத்த மாட்டார்கள். அந்த நான்கு அங்கிருந்து வரும் என்று காத்துக்கொண்டிருக்காதே. நகலை வாங்குவது வேறு காரணத்துக்காக. எந்தப் படியில் கை நின்றது, எதை எழுதாமல் விட்டாய் என்று உன் கையெழுத்திலேயே பார்க்கலாம். தனியாகப் பார்க்க முடியாவிட்டால் நானும் உட்காருகிறேன். நான் இன்டரோடு நிறுத்தியவள் என்றாலும் ஒர்க்கிங் நோட்டைப் படிக்கத் தெரியும்.

நிறுத்தியது என்றதும் நினைவு வருகிறது. நான் விட்டதைக் காட்டி யாராவது உன்னிடம் பேசக்கூடும். "மாலதி பார், நிம்மதியாக கிண்டியில் வேலைக்குப் போகிறாள்" என்று. நிம்மதிதான், பொய் சொல்லவில்லை. மாதாமாதம் ஜி.எஸ்.டி. தலைவலி மட்டும்தான். ஆனால் எனக்கு அந்தப் படிப்பின் மேல் ஆசை தீர்ந்துபோனது, விட்டேன். உனக்கு ஆசை இருக்கிறது. தீர்ந்துபோனால் நீயும் விடலாம், அதில் வெட்கம் இல்லை. தோற்றுவிட்டோமே என்று விடுவது வேறு. அதைச் செய்தால் நான் வந்து சண்டை போடுவேன்.

வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தை ஞாயிற்றுக்கிழமை வருவார், "இன்னும் எத்தனை நாள்தான் படிப்பாள்" என்று ஆரம்பித்து ஜாதகத்தில் போய் நிற்பார். அதற்கு நீ பதில் சொல்லாதே. தங்கையைச் சொல்லச் சொல். அவளுக்கு வாய் உண்டு, அத்தைக்கும் அவளிடம் கொஞ்சம் பயம். அப்பா எதுவும் பேசவில்லை என்றால் அதைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. மதிப்பெண் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு 61-ஐ நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். இதையும் தங்கைதான் சொன்னாள்.

திங்கட்கிழமை ஆபீஸ் போ. சார் ஒரு வார்த்தை கேட்பார், அடுத்த நிமிடமே ஏதாவது ஒரு ஃபைலை நீட்டுவார். வாங்கிக்கொள். அந்த ஒரு நாள் போய்விட்டால் அடுத்த நாள் யாரும் கேட்க மாட்டார்கள். கூட எழுதித் தேறியவர்கள் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டுக்கொண்டிருப்பார்கள். வாழ்த்துச் சொல்ல மனம் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்துச் சொல். இப்போதைக்குக் குழுவை மியூட்டில் போட்டுவிடு. அதைப் பொறாமை என்று நீயே உன்னைக் குற்றம் சாட்டாதே. அடிபட்ட காலை யாரும் அன்றே ஊன்றுவதில்லை.

சனிக்கிழமை காலை நான் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு வருகிறேன். சொந்தப் புத்தகம் வைத்துப் படிக்கும் பகுதியில் இருப்பேன், எனக்கும் ஆபீஸ் வேலை கொஞ்சம் மீதம் இருக்கிறது. நீ படிக்க வர வேண்டும் என்று இல்லை. வந்தால் மதியம் சேர்ந்து சாப்பிடலாம். ரிசல்ட்டைப் பற்றி நீயாகப் பேசினால் ஒழிய நான் வாயைத் திறக்க மாட்டேன். வர முடியாவிட்டால் அதுவும் சரி, அடுத்த சனிக்கிழமையும் அங்கேதான் இருப்பேன்.

அம்மாவிடம் சொல்லி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

அன்புடன்,
மாலதி