சிற்றலைத் தொட்டிப் படங்கள்: அலைநீளமும் ஆழமும் (செய்முறைத் தாள்)

உங்கள் மேசையில் 3 ஒளிப்படங்கள் இருக்கின்றன. மூன்றும் நம் தொட்டியில் எடுத்தவை: தண்ணீர் ஆழம் 8 மி.மீ., அதிர்வெண் 10 ஹெர்ட்ஸ். மேலே விளக்கு, கீழே வெள்ளைத் தாள். தாளில் விழும் நிழலைத்தான் படமெடுத்தோம். படம் 1இல் எங்கும் ஒரே ஆழம். படம் 2இல் பாதித் தொட்டியில் 6 மி.மீ. கண்ணாடித் தகடு கிடக்கிறது, அதன் மேல் 2 மி.மீ. தண்ணீர்தான். படம் 3இல் அதே தகடு 45° திருப்பி வைக்கப்பட்டிருக்கிறது.

முதலில் அளவீட்டு விகிதம். விளக்கொளி விரிந்து வருவதால் நிழல் உண்மையைவிடப் பெரிதாக விழும். அதனால்தான் 5 செ.மீ. உலோகப் பட்டையைத் தாளில் வைக்காமல் தொட்டிக்குள்ளேயே வைத்தோம். ஒவ்வொரு படத்திலும் அதன் நீளத்தை அளந்து எழுதுங்கள்.

அப்புறம் அலைகள். முகடு குவிவில்லை போல ஒளியைக் குவிப்பதால், பளிச்சென்ற ஒவ்வொரு கோடும் ஒரு முகடு. பளிச்சுக்கும் அடுத்த பளிச்சுக்கும் இடையே ஓர் அலைநீளம். பளிச்சுக்கும் இருட்டுக்கும் இடையே பாதிதான்.

ஒரே ஓர் இடைவெளியை அளக்காதீர்கள். படத்தில் அது 1.4 செ.மீ. தான் இருக்கும், 1 மி.மீ. தவறினாலே 7% பிழை. 9 கோடுகளைத் தேர்ந்தெடுத்து முதல் கோட்டிலிருந்து கடைசிக் கோடு வரை அளந்தால் அதே தவறு 1%க்குள் அடங்கிவிடும். 9 கோடுகளுக்கு 8 இடைவெளி என்பதை மறக்க வேண்டாம். ஆண்டுதோறும் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது.

படம் 1க்கு நான் செய்தது: பட்டை 3.0 செ.மீ., 8 இடைவெளிகள் 11.2 செ.மீ.

```
λ = (11.2 / 8) × (5 / 3.0) = 2.3 cm
v = fλ = 10 × 2.3 = 23 cm/s
```

படம் 2இல் தகட்டின் மேலுள்ள பகுதிக்கு இதையே செய்யுங்கள். 1.7க்கும் 1.9க்கும் இடையே வர வேண்டும். 2.3ஐ ஒட்டி வந்தால் ஆழமான பக்கத்தை எண்ணிவிட்டீர்கள், திரும்ப எண்ணுங்கள். வேகம் காண அதே 10 ஹெர்ட்ஸைப் பயன்படுத்துங்கள். ஏன் அதே எண் என்று இரண்டு வரியில் விளக்குங்கள். நொடிக்கு 10 முகடுகள் தகட்டின் விளிம்புக்கு வந்தால், அதைக் கடந்து எத்தனை போக முடியும் என்று யோசியுங்கள்.

`v = √(gh)` போட்டால் 2 மி.மீ. ஆழத்துக்கு 14 செ.மீ./வி. தான் கிடைக்கும். உங்கள் விடை அதைவிட அதிகமாக இருந்தால் பதற வேண்டாம், திருத்தவும் வேண்டாம். ஆழத்தைவிட அலைநீளம் மிகப் பெரிதாக இருக்கும்போது பொருந்தும் சூத்திரம் அது. இவ்வளவு சிறிய அலைகளில் பரப்பு இழுவிசையும் சேர்ந்து வேகத்தைக் கூட்டுகிறது.

படம் 3இல் தகட்டு விளிம்புக்குச் செங்குத்துக்கோடு வரைந்து, அலை நகரும் திசைகளிலிருந்து படுகோணத்தையும் விலகுகோணத்தையும் கோணமானியால் அளவிடுங்கள். `sin i / sin r` மதிப்பை, படம் 2இல் கிடைத்த இரு அலைநீளங்களின் விகிதத்தோடு ஒப்பிடுங்கள். விகிதத்துக்குப் பட்டையின் அளவு தேவையா, இல்லையா? காரணத்தோடு எழுதி, கோடு வரைந்த படங்களையும் இணைத்துக் கொடுங்கள்.