கடன் நோட்டு: ஜூன் 12 வரைக்கும் உள்ள பாக்கி

தம்பி, நான் ஊருக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் கல்லாவுல நீதான், அதனால யார்கிட்ட எப்படி கேக்கணும்னு பக்கத்துலயே எழுதி வச்சிருக்கேன், படிச்சிட்டு பேசு.

போட்டு டிரைவர் அண்ணன் வீடு
முன் பாக்கி 3,960
மே 3 அரிசி சிப்பம் 1,400
மே 20 பாமாயில், து.பருப்பு, சோப்பு 865
ஜூன் 6 பாமாயில், மிளகாத்தூள் 615
மொத்தம் 6,840
இவங்ககிட்ட இப்ப வாயே திறக்காத. ஏப்ரல் 15ல இருந்து தடைக்காலம், காசிமேட்டுல போட்டு எல்லாம் கட்டிக் கெடக்கு, 14ந் தேதி ராத்திரிதான் முடியுது, போட்டு கடலுக்குப் போய் திரும்பி மீன் ஏலம் போயி பங்கு பிரிச்சாதான் கையில காசு. வருஷா வருஷம் அண்ணியே வந்து குடுத்துடுவாங்க. அதுவரைக்கும் அரிசி பருப்பு கேட்டா முகம் சுளிக்காம போட்டுக் குடு.

இட்லி கடை அக்கா
முன் பாக்கி 1,700
ஜூன் 10 உளுந்து, இட்லி அரிசி 815
வரவு 200
பாக்கி 2,315
சாயங்காலம் கடை கட்டினதும் இருநூறு குடுப்பாங்க, வாங்கின உடனே அவங்க கண்ணு முன்னாடியே வரவு எழுது. அவங்க கடையில ஆளுங்க சாப்பிடும்போது போய் நிக்காத, மானம் போற விஷயம்.

மாடி வீட்டு ஆட்டோ அண்ணன் 1,180
ஐநூறு ஜிபே பண்ணிட்டேன்றாரு. என் போன்ல பாத்து சொல்றேன், வந்திருந்தா 680தான். அதுவரைக்கும் அவரு சொல்றத எதுத்துப் பேசாத.

ஐஸ் கம்பெனி பசங்க ரூம் 3,275
நாலு பேரு ஒரே கணக்கு, ஆளாளுக்கு அவன் குடுப்பான் இவன் குடுப்பான்னு போயிட்டே இருக்காங்க. இனிமே வாங்குறவன் பேரையும் பக்கத்துல எழுது. சம்பளம் வந்தாச்சு, தைரியமா கேளு. சிகரெட்டு கடன் கெடையாது, சோத்துக்கு வேணுங்கிறத குடு.

ரெண்டாவது சந்து பாட்டி 430
பென்ஷன் வந்தா அவங்களே முந்தானையில முடிஞ்சி எடுத்துட்டு வருவாங்க. கேக்கவே வேணாம்.

மொத்தம் 14,040. கொத்தவால்சாவடி மண்டிக்கு 20ந் தேதி ஒன்பதாயிரம் கட்டணும், இட்லி கடை வரவும் பசங்க காசும் வந்தா பாதி தேறும், மீதிய நான் வந்து பாத்துக்குறேன்.

பசங்களுக்கும் ஆட்டோ அண்ணனுக்கும் வாட்ஸப்புல தனித்தனியா இத அனுப்பு, ஆட்டோ அண்ணனுக்கு மட்டும் நான் ஜிபே பாத்து சொன்னப்புறம். தெரு குரூப்புல மட்டும் போட்டுறாத:

"அண்ணா வணக்கம், மளிகை கடையில இருந்து. உங்க கணக்கு நோட்டுல கொஞ்சம் நிக்குது, இந்த வாரம் மண்டிக்கு பணம் கட்டணும், முடிஞ்ச அளவு குடுத்தீங்கன்னா உதவியா இருக்கும். மொத்தமா வேணாம், பாதி குடுத்தாலும் சரி. கணக்குல சந்தேகம் இருந்தா வாங்க, நோட்ட சேந்தே பாத்துக்கலாம். சாமான் எப்பவும் போல வாங்கிக்கோங்க."

கடையில வேற ஆளு நிக்கும்போது யார் பாக்கியையும் சத்தமா படிக்காத, நோட்ட மூடி தராசுக்கு அடியில வை.