மீன்கொத்தியும் புல்லட் ரயிலும்: மன்றத்தின் வரவேற்புரை

எல்லோருக்கும் வணக்கம். வினாடி வினா மன்றத்தின் இந்த ஆண்டு முதல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் அனைவரையும் அன்போடு வரவேற்கிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் கடைசி வரிசையில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கிறீர்கள். முன்னால் வாருங்கள், இடம் இருக்கிறது.

ஆக்டோபஸுக்கு மூன்று இதயம், வெள்ளி கிரகத்தில் ஒரு சுழற்சி முடிவதற்குள் ஓர் ஆண்டே முடிந்துவிடும் என்றெல்லாம் சொன்னால், "இது தெரிந்து உனக்கு என்ன ஆகப்போகிறது?" என்று யாராவது கேட்பார்கள். இன்றைக்கு ஒன்றும் ஆகாதுதான். ஆனால் எந்தத் தகவல் எங்கே போய் ஒட்டும் என்பது அதைத் தெரிந்துகொள்ளும் நேரத்தில் யாருக்கும் தெரியாது.

ஜப்பானின் புல்லட் ரயில்கள் சுரங்கப்பாதைக்குள் பாயும்போது, முன்னால் அழுந்திய காற்று மறுமுனையில் வெடிச்சத்தத்தோடு வெளியே வந்தது. சுற்றிலும் குடியிருந்தவர்களுக்குப் பெரிய தொந்தரவு. அந்த ரயில் திட்டத்தில் இருந்த பொறியாளர் எய்ஜி நகாட்சுவுக்குப் பறவைகளைக் கவனிக்கும் பழக்கம் உண்டு. மீன்கொத்தி காற்றிலிருந்து சட்டென்று தண்ணீருக்குள் இறங்கும்; நீர் பெரிதாகத் தெறிக்காது. நீண்டு, மெல்ல மெல்லப் பருக்கும் அலகுதான் காரணம். 1997-இல் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயிலின் மூக்கு அந்த அலகைப் பார்த்து வடிவம் பெற்றது. கூரைமேல் மின்கம்பியைத் தொடும் பகுதியின் இரைச்சலைக் குறைக்க ஆந்தையின் இறகு வழிகாட்டியது. இரண்டு யோசனைகளும் பிறந்தது, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒரு பொழுதுபோக்கிலிருந்து!

அதேபோல, 1960-களில் தாமஸ் பிராக் என்ற நுண்ணுயிரியலாளர் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றுகளில் வாழும் பாக்டீரியாக்களை ஆராய்ந்தார். அவற்றில் ஒன்றின் நொதி கொதிநிலையை நெருங்கும் சூட்டையும் தாங்கியது. அப்புறம், டி.என்.ஏ.வைத் திரும்பத் திரும்பச் சூடாக்கிப் பல மடங்காகப் பெருக்கும் பி.சி.ஆர். பரிசோதனை பரவலானதே அந்த நொதியால்தான்.

அதனால் புதியவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். தலைநகரங்களின் பட்டியலை மனப்பாடம் செய்துகொண்டு வராதீர்கள். வாசிக்கும்போது ஏதாவது ஒன்று உங்களை நிறுத்திவைத்தால், "ஏன் அப்படி?" என்று இன்னும் ஒரு படி போய்ப் பாருங்கள். காரணத்தோடு வந்து சேர்ந்த தகவல் எளிதில் மறக்காது. பதில் தெரியாத கேள்விக்கும் வாய்விட்டு யோசியுங்கள். ஒருவருக்குப் பாதி தெரியும், பக்கத்தில் இருப்பவருக்கு மீதி தெரியும். இரண்டும் சேர்ந்து விடை கிடைக்கும் அந்த நொடிக்காகத்தான் நான் இந்த மன்றத்தை நடத்துகிறேன்.

சரி, நான்கு நான்கு பேராகச் சேர்ந்து உட்காருங்கள். முதல் சுற்று, முதல் கேள்வி. 1815-இல் இந்தோனேசியாவில் ஓர் எரிமலை வெடித்தது. அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடைக்காலம் குளிரில் கழிந்தது, பயிர்கள் பொய்த்தன. அந்த எரிமலை எது? அது கக்கியது எப்படி அவ்வளவு தொலைவில் வெயிலை மறைத்தது? பேசி முடிவெடுக்க ஒரு நிமிடம்.