நாளைக் காலைச் சந்திப்பு இல்லை ஐயா, ரயில் ஏற வேண்டாம். சனிக்கிழமை நாங்களே பினாங்கு வருகிறோம்

மதிப்பிற்குரிய வாத்தியார் ஐயாவுக்கு,

வணக்கம். நாளை புதன்கிழமை (12 நவம்பர்) காலை 11 மணிக்கு பிரிக்ஃபீல்ட்ஸ் ஆபீஸில் நாம் வைத்திருந்த சந்திப்புக்கு என்னால் வர முடியாது. தயவுசெய்து காலை ரயிலுக்குக் கிளம்பிவிடாதீர்கள். அதற்குப் பதிலாக, வரும் சனிக்கிழமை (15 நவம்பர்) காலை 11 மணிக்கு ஜார்ஜ் டவுனில் உங்கள் வீட்டுக்கே வந்து ஒன்றுகூடல் மலரின் பக்கங்களைக் காட்டுகிறோம். சனிக்கிழமை தோதுப்படாது என்றால், வியாழன் இரவு 8 மணிக்கு வாட்ஸ்அப் வீடியோவில் பேசிக்கொள்ளலாம். நாளைய ரயில் டிக்கெட் காசு என் பொறுப்பு.

அவசரமாகத் தெரிய வேண்டியது இவ்வளவுதான். "சனி" அல்லது "வியாழன்" என்று ஒரு சொல் பதில் போட்டால் போதும். மீதியை இன்று இரவே படிக்க வேண்டியதில்லை. நாளைக் காலை தேத்தண்ணி குடிக்கும்போது நிதானமாகப் பாருங்கள்.

இப்போது மணி 8.40. ஏழரைக்கு ஒரு தடவையும் எட்டு மணிக்கு ஒரு தடவையும் உங்களைக் கூப்பிட்டேன். செவ்வாய்க்கிழமை, கோயிலில் இருந்திருப்பீர்கள். வாட்ஸ்அப்பிலும் போட்டிருக்கிறேன், இன்னும் பார்க்கவில்லை என்று காட்டுகிறது. நீங்கள் விடியுமுன் மகன் காரில் பாலம் தாண்டி பட்டர்வொர்த் ஸ்டேஷனுக்குப் போய்விடுவீர்கள் என்று தெரியும். அதனால் உங்கள் பதில் வராவிட்டால் பத்து மணிக்கு அம்மாவின் கைப்பேசிக்குக் கூப்பிடுவேன். அந்த நேரத்தில் மணி அடித்தால் பதற வேண்டாம், இந்தச் சேதிதான்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகனுக்கு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து காய்ச்சல். இன்று மதியம் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்து டிங்கி என்று சொல்லிவிட்டார்கள். பிளேட்லெட் 96 ஆயிரம். வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், ஆனால் நாளை காலை 8 மணிக்குத் திரும்பக் கூட்டி வந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டர். காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் இன்னும் கவனமாக இருக்க வேண்டுமாம். பிள்ளை தண்ணீர் குடிக்கிறான், விளையாட்டுச் சேனல் வேண்டும் என்று அடம்பிடிக்கிறான், ஆகவே பயப்படும்படி இல்லை. வீட்டுக்காரர் ஜொகூரில் வேலையில் இருக்கிறார், வெள்ளி சாயங்காலம்தான் வருவார். அதுவரை வீட்டில் நான் ஒருத்திதான். ஒரு மணி நேரம் தள்ளி வைத்தால் சமாளித்துவிடலாமா என்று முதலில் யோசித்தேன். கிளினிக்கில் எவ்வளவு நேரம் உட்கார வைப்பார்கள் என்று யார் கண்டது? உங்களை ஆபீஸில் உட்கார வைத்துவிட்டு "இதோ வந்துவிட்டேன் ஐயா" என்று மணிக்கொரு தடவை செய்தி அனுப்புவதற்கு, இன்றே இல்லை என்று சொல்லிவிடுவது மேல். போன வருடம் ஒரு ஆபீஸில் எனக்கு அப்படித்தான் ஆனது. "பத்து நிமிஷம், பத்து நிமிஷம்" என்று சொல்லியே ஒன்றரை மணி நேரத்தைத் தின்றார்கள். அந்தக் கடுப்பு இன்னும் போகவில்லை.

லேஅவுட் செய்யும் தம்பி ஆபீஸில் இருக்கிறானே, அவனோடு பார்த்துவிடலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். கெட்டிக்காரப் பையன்தான். ஆனால் பக்கத்தைக் கூட்டுவது, குறைப்பது, படத்தை மாற்றுவது எல்லாம் அச்சகத்தோடு நான் பேசி வைத்த கணக்கு. போக நாலு மணி நேரம், வர நாலு மணி நேரம் ரயிலில் உட்கார்ந்துவிட்டு "அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்ற பதிலோடு நீங்கள் திரும்புவதற்கு எனக்கு மனம் வரவில்லை. ஒன்று மட்டும்: கோலாலம்பூரில் உங்களுக்கு வேறு வேலையும் இருந்து, எப்படியும் வரத்தான் போகிறீர்கள் என்றால் தாராளமாக வாருங்கள். ஆபீஸ் ஒன்பதரையிலிருந்து திறந்திருக்கும். பக்கங்களை மேசைமேல் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். அப்படி வந்தாலும் சனிக்கிழமை நாங்கள் வருவது வருவதுதான்.

சனிக்கிழமை ஏற்பாடு இப்படி. விடிகாலை ஐந்தரைக்கு இங்கிருந்து காரில் கிளம்புகிறோம், தம்பி ஓட்டுவான். அன்றைக்கு மகன் உடம்பு நான் விட்டு வரும்படி இல்லை என்றால் தம்பி மட்டும் வருவான், நான் அந்த 11 மணிக்கு வீடியோவில் கூடவே இருப்பேன். எந்தத் தீர்மானமானாலும் அங்கேயே, அப்போதே எடுத்துவிடலாம். ஆக, யார் வருவது என்பது மாறலாம், நாளும் மணியும் மாறாது. வெள்ளி மாலை 6 மணிக்குள் யார் வருகிறோம் என்று சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை என்பதால் ஜூரு டோல் பக்கம் நெரிசல் இருந்தாலும் இருக்கும். டோல் தாண்டியதும் ஒரு செய்தி போடுகிறோம், அதைப் பார்த்த பிறகு நீங்கள் கண்ணாடியைத் தேடினால் போதும்.

இந்த மூன்று நாளில் மலர் தாமதமாகிவிடுமோ என்று கவலைப்பட வேண்டாம். அச்சகத்தில் பிளேட் போடுவது திங்கட்கிழமை (17 நவம்பர்). சனிக்கிழமை நீங்கள் சொல்லும் திருத்தங்களை ஞாயிறு இரவுக்குள் போட்டுவிடுவோம். அச்சு, பைண்டிங் எல்லாம் சேர்த்துப் பத்து நாள் கேட்டிருக்கிறார்கள். டிசம்பர் 6 முன்னாள் மாணவர் ஒன்றுகூடலுக்கு ஒரு வாரம் முன்பாகவே புத்தகம் உங்கள் கையில் இருக்கும். வியாழன் இரவு வீடியோவில் பேசினாலும் இதே கணக்குதான்.

நாளை உட்கார்ந்து பேச நினைத்ததில் பாதியை எழுத்திலேயே முடித்துவிடலாம் என்று தோன்றுகிறது. முடிந்ததை இங்கே எழுதிவிடுகிறேன்.

முன்னுரையில் (பக்கம் 14) இந்த நாட்டில் தமிழ்க் கல்வி 1816-இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்பில் தொடங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். பக்கம் 37-இல் படத்துக்குக் கீழே அதுவே 1861 என்று இருக்கிறது. இலக்கம் இடம் மாறிய பிழை, எங்கள் கைவேலை. 2016-இல் தமிழ்க் கல்வியின் இருநூறாம் ஆண்டைக் கொண்டாடினோமே, அதனால் எனக்குச் சந்தேகம் இல்லை, 1816 என்றே மாற்றிவிட்டேன். பக்கம் 52-இல் "2006-இல் பினாங்குத் தீவு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது" என்று ஒரு மாணவர் கட்டுரையில் வருகிறது. சேர்ந்தது 2008 ஜூலையில். அதுவும் தீவு முழுவதும் இல்லை, ஜார்ஜ் டவுன், மலாக்காவோடு சேர்ந்து. அதையும் திருத்திவிட்டேன். கட்டுரை எழுதியவரிடம் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் நல்லது, நான் சொன்னால் ஒருவேளை மனம் கோணுவார்.

கடைசியில் மூன்று பக்கம் படங்கள் சேர்க்க முடியுமா என்று போன வாரம் கேட்டீர்கள். புத்தகம் இப்போது சரியாக 128 பக்கம், அதாவது 16 பக்க ஃபாரம் எட்டு. மூன்று பக்கம் கூட்டினால் மூன்றோடு நிற்காது. ஒன்பதாவது ஃபாரத்தில் பாதியாவது ஓட்ட வேண்டும், காகிதச் செலவு ஏறும், அஞ்சு பக்கம் வெள்ளையாகக் கிடக்கும். அதைவிட விளம்பரப் பகுதியில் வாழ்த்துச் செய்திகளை நெருக்கிப் போட்டால் இரண்டு பக்கம் மிச்சமாகும். ஆறு படத்தைப் பெரிதாக வைக்கலாம். எனக்கு இதுதான் சரியாகப் படுகிறது. ஆனால் வாழ்த்துக் கொடுத்தவர்களில் யாருடைய பெயரைச் சின்னதாக்கினால் வம்பு வரும் என்பது உங்களுக்குத்தான் தெரியும், எனக்குத் தெரியாது. சனிக்கிழமை சொல்லுங்கள்.

எழுத்தில் தீராத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் நேரில் பார்க்க வேண்டும் என்று நிற்கிறேன். பக்கம் 88, 1968-ஆம் ஆண்டு ஆறாம் வகுப்புப் படம். இரண்டாவது வரிசையில் முகம் பதினொன்று, பெயர் பத்து. இடமிருந்து மூன்றாவது பையன்மேல்தான் எனக்குச் சந்தேகம். பக்கத்துப் பையன் தோளில் கை போட்டிருக்கிறான், சட்டையின் மேல் பொத்தான் இல்லை, படம் எடுக்கும் நொடியில் தலையைத் திருப்பியிருக்கிறான் போல, முகம் கலங்கித் தெரிகிறது. அவனை விட்டுவிட்டு எண்ணினால் மீதிப் பத்துப் பெயரும் சரியாக உட்காருகின்றன. அவனைச் சேர்த்தால் மூன்றாவதிலிருந்து எல்லாமே ஒரு இடம் தள்ளிப் போகின்றன. ஒன்றுகூடலுக்கு வருகிறவர்கள் முதலில் திருப்பப் போவது இந்தப் பக்கத்தைத்தான். கைப்பேசித் திரையில் பார்த்தால் உங்களுக்கும் பிடிபடாது. அதனால் அந்தப் படத்தை மட்டும் பெரிய தாளில் தனியாக அச்செடுத்துக் கொண்டுவருகிறோம். அந்த வகுப்பில் படித்த யாராவது பக்கத்தில் இருந்தால், சிரமம் இல்லையென்றால், ஒரு பத்து நிமிடம் எட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

முழுப் புத்தகத்தின் மெய்ப்பையும் நாளை காலை கூரியரில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எழுத்தைப் பெரிதாக்கி, ஒரு பக்கத்துக்கு ஒரு தாளாக. சனிக்கிழமைக்கு முன் கைக்கு வந்தால் பார்த்து வையுங்கள். வராவிட்டாலும் பரவாயில்லை, இன்னொரு பிரதி எங்களிடம் இருக்கும்.

டிக்கெட் விஷயம். அதை வேறு நாளுக்கு மாற்ற முடிகிறதா என்று அலைய வேண்டாம். எவ்வளவு என்று மட்டும் சொல்லுங்கள், டியூட்நவில் அனுப்பிவிடுகிறேன். "அதெல்லாம் எதுக்கும்மா" என்று சொல்வீர்கள் என்று தெரியும். கடைசி நேரத்தில் இல்லை என்றது நான். ரயில் காசும் உங்கள் தலையில் விழுந்தால் எனக்குச் சங்கடமாக இருக்கும். ஏற்கெனவே ஒரு நாளைச் சீட்டுப் போட்டு ஒதுக்கி வைத்திருந்தீர்கள், அதைக் கெடுத்ததற்கு மன்னிக்க வேண்டும்.

இப்படிக்கு,
கவிதா

பி.கு.: சனிக்கிழமை மதியச் சாப்பாடு என்று அம்மா ஏதும் ஆரம்பித்துவிட வேண்டாம், சொல்லிவிடுங்கள். ஒன்றரை மணி நேர வேலைதான். பன்னிரண்டரைக்கு எழுந்துவிடுவோம், உங்கள் மதியத் தூக்கத்தில் கை வைக்க மாட்டோம். தேத்தண்ணி மட்டும் போதும், தம்பிக்குச் சீனி இல்லாமல்.